லீவு லெட்டரில் மிருதங்கம்

நம்ம ஊர்க்காரங்க ஆபீஸில் லீவு கேட்பதைக் கவனிச்சிருக்கீங்களா? பொண்ணுக்கு அரங்கேற்றம்னா தலை நிமிர்ந்து கேட்போம். பையனுக்கு ஸ்கூல் டிராமான்னா ஒரு வாரம் முன்னாடியே ஸ்வீட் பாக்ஸோட போய் நிற்போம். அதே மேடையில் ஏறப்போவது நாமதான்னா மட்டும் திடீர்னு "அர்ஜென்ட் பர்சனல் வொர்க்" ஆயிடும். சில பேருக்கு ஜுரமே வந்துடும்.

போன வருஷம் (2025) செப்டம்பர் வரைக்கும் அடியேனும் அந்தக் கோஷ்டிதான்.

கதைச் சுருக்கம் இதுதான். நாப்பத்தொரு வயசில் மிருதங்கம் கத்துக்க ஆரம்பிச்சேன். உண்மையில் பையனைத்தான் சேர்த்துவிட்டேன். அவன் மூணே மாசத்தில் கிரிக்கெட்டுக்கு ஓடிட்டான், கூடப் போய் உட்கார்ந்திருந்த நான் மாட்டிக்கிட்டேன். ஆறு வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம செம்பூருக்கு ரயிலேறிப் போனதுக்கப்புறம் வாத்தியார் ஒரு நாள், "மாட்டுங்கா கோயில் நவராத்திரியில ஒரு கச்சேரி இருக்கு, நீங்க வாசிங்கோ" என்றார். ஒன்றரை மணி நேரம், பாடுவது ஒரு கல்லூரி மாணவி. தேதி செப்டம்பர் 29, திங்கட்கிழமை, சாயந்திரம் ஆறரை மணி.

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்நேரம் பகீர்னு இருக்கும். செப்டம்பர் 30 அரையாண்டு முடிவு. அதுக்கு முதல் நாள் லோன் பார்க்கிற ஆபீசர் லீவு கேட்டா எந்த மேனேஜர்தான் சிரிச்ச முகத்தோட பார்ப்பார்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. 27-ம் தேதி நாலாவது சனிக்கிழமை. 2015 செப்டம்பரிலிருந்து ரெண்டாவது, நாலாவது சனி எங்களுக்கு விடுமுறை. 28 ஞாயிறு. திங்களும் லீவுன்னா மூணு நாள் சேர்ந்தாப்போல வருது. காரணம் சொல்லாம கேட்டா, க்ளோசிங் நேரத்தில் இந்த மனுஷன் குடும்பத்தோட லோனாவாலா போறான்னுதான் யாருக்கும் தோணும். எனக்கே தோணியிருக்கும். "சொந்த வேலை" என்ற ரெண்டு வார்த்தை நம்ம கௌரவத்தைக் காப்பாத்துதுன்னு நினைக்கிறோம். இந்த மாதிரி தேதியில் அது சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

முதலில் எழுதின லெட்டர் ஒன்றரைப் பக்கம். கும்பகோணத்தில் அப்பாவோட கச்சேரி கேட்டது, பையன் பாதியில் விட்டது, நவராத்திரியின் மகிமை எல்லாம் அதில் இருந்தது. தங்கமணி படிச்சுட்டு, "இது லீவு லெட்டரா, சுயசரிதையா?" என்றாள். கோபத்தில் அதைக் கிழிச்சுட்டு "urgent personal work" என்று ஒரு வரி எழுதினேன். "இப்போ திருடன் மாதிரி இருக்கு" என்றாள். ரெண்டுமே சரிதான்.

யோசிச்சுப் பார்த்தா, மேனேஜர் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் நாலே நாலுதான். எந்த நாள், என்ன காரணம், நான் இல்லாதபோது என் வேலை என்ன ஆகும், எப்போ திரும்புவேன். மிருதங்கத்தின் பெருமை அதில் வராது. நான் எழுதினது இங்கிலீஷில். தமிழில் சொன்னா இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய மேடம், 29.09.2025 திங்கட்கிழமை எனக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டுகிறேன். அன்று மாலை மாட்டுங்காவில் ஒரு கோயில் கச்சேரியில் முதல் முறையாக மேடையில் மிருதங்கம் வாசிக்கிறேன். மதியம் ஒத்திகை உள்ளது. அரையாண்டு முடிவுக்கான என் வேலைகளை 26-ம் தேதிக்குள் முடித்து, மீதியைப் பட்டியலிட்டு, சாவியையும் அன்றே ஒப்படைத்துவிடுகிறேன். 30-ம் தேதி காலை பணிக்கு வந்துவிடுவேன். முழு நாள் இயலாவிட்டால் மதியம் 1 மணிக்குக் கிளம்ப அனுமதித்தாலும் நன்றி உடையவனாக இருப்பேன்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கு. "முதல் முறையாக" என்ற ரெண்டே வார்த்தை ஒன்றரைப் பக்கம் செய்ய வேண்டிய வேலையைச் செய்துடும். ஒத்திகையைச் சொன்னது, ஆறரை மணிக் கச்சேரிக்கு ஏன் முழு நாள் என்ற கேள்விக்கு. உண்மையான விவரம் இன்னும் பெரிசு. நான் வீட்டில் சாதகம் பண்ணும் மிருதங்கம் ஆண் குரல் சுருதிக்கானது. பாடுகிற பெண்ணுக்கு அஞ்சு கட்டை. அதுக்குச் சின்ன மிருதங்கம் வேணும், அதை வாத்தியார் வீட்டில் காலையில் போய் வாங்கணும். புது வாத்தியத்தில் கை பழகணும், இடது பக்கத்துக்கு ரவை பிசைஞ்சு ஒட்டணும், மும்பை ஈரத்தில் சுருதி நிக்குதான்னு பார்க்கணும். ஆனா இதெல்லாம் மேடம் கேட்டா வாயால் சொல்ல வேண்டியது. லெட்டரில் "ஒத்திகை" போதும்.

சாவி விஷயம் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. ஸ்ட்ராங் ரூம் சாவி ரெண்டு பேரிடம் இருக்கும், ரெண்டு பேரும் இருந்தால்தான் திறக்கும். ஒரு சாவி என்னிடம். திங்கட்கிழமை காலை நான் இல்லாம கேஷ் வெளியே வராது, கிளை திறந்தும் பிரயோஜனமில்லை. அதனால் வெள்ளி சாயந்திரமே இன்னொரு ஆபீசர் பணத்தைச் சரிபார்த்து, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும். "சாவியை ஒப்படைக்கிறேன்" என்ற வரி இல்லாத லீவு லெட்டரை மேனேஜர் படிக்கும்போது மனசில் ஓடுவது கச்சேரி இல்லை, பூட்டின கதவுதான்! உங்க வேலையிலும் அப்படி ஒரு சாவி கட்டாயம் இருக்கும். அது எதுன்னு யோசிச்சு, அதை ஒரு வரியில் எழுதுங்க.

கடைசி வரிதான் எழுத மனசு வரலை. முழு நாள் இல்லாட்டி அரை நாள்னு நாமே எதுக்கு இறங்கி வரணும்? ஆனா தற்செயல் விடுப்பு கணக்கில் இருப்பதாலேயே நினைச்ச நாளில் கிடைச்சாகணும்னு இல்லை. வருஷத்துக்கு 12 நாள் உண்டு, எந்த நாளில் என்பது கிளையின் நிலவரத்தைப் பொறுத்தது. வேண்டாம்னு சொல்ல அவருக்கும் ஒரு வழி விட்டாத்தான் அது வேண்டுகோள். இல்லாட்டி அது தகவல். ஆனா ஒண்ணு, நிஜமாகவே சமாளிக்க முடிகிற மாற்றைத்தான் எழுதணும். ஒரு மணிக்குக் கிளம்பினா ஒத்திகை பாதி போகும், கச்சேரி தப்பிச்சுடும்னு கணக்குப் போட்டுத்தான் எழுதினேன்.

லெட்டரை நேரா சிஸ்டத்தில் ஏத்தலை. செப்டம்பர் முதல் வாரம், நாலரை மணிக்கு மேல் கூட்டம் அடங்கினதும் மேடம் கேபினுக்குப் போய் ரெண்டு நிமிஷம் சொன்னேன். அவர் நாசிக் பக்கத்து மராட்டிக்காரர். முதல் கேள்வி, "உங்க பொண்ணு வாசிக்கிறாளா?"

"இல்லை மேடம், நான்தான்."

கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ரெண்டு செகண்ட்தான் நாம எல்லாரும் பயப்படுவது. அதுக்காகத்தான் ஜுரம் வரவழைச்சுக்கறோம். அடுத்து அவர் கேட்டது, "30-ம் தேதி எத்தனை மணிக்கு வருவீங்க?" அவ்வளவுதான். அதுக்கு லெட்டரிலேயே பதில் இருந்தது.

இன்விடேஷனை அன்னிக்குக் கொடுக்கலை. லீவு கேட்கும்போதே "நீங்களும் கட்டாயம் வரணும்"னு பத்திரிகையை நீட்டுவது எனக்குச் சரியாப் படலை. மறுக்க வேண்டியிருந்தா அவருக்கு ரெட்டைச் சங்கடம். லீவு சாங்ஷன் ஆன மறுநாள் கொடுத்தேன்.

பொய் சொன்னா என்ன ஆகும்னு முன்னாடி இருந்த ஒரு கிளையில் பார்த்திருக்கேன். ஒருத்தர் டிராமாவில் நடிக்க சிக் லீவு போட்டார். ராத்திரி பத்து மணிக்கு அவர் ராஜா வேஷத்தில் நிற்கும் போட்டோ ஆபீஸ் வாட்ஸப் குழுவுக்கே வந்துடுச்சு. அனுப்பினது அவரோட மச்சினன், பெருமை தாங்காம! யாரும் மெமோ கொடுக்கலை. ஆனா அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு நிஜமாவே மலேரியா வந்தபோது, "இந்த வாட்டி என்ன வேஷம்?"னு கிளையே கேட்டது. மேடைன்னா நாலு பேர் பார்க்கத்தானே? மறைச்சுட்டு ஏறுகிற இடமா அது?

பொதுத்துறை வங்கி நண்பர்களுக்கு ஒரு விஷயம். எப்போதாவது சம்பளமில்லாம செய்கிற கலை, இலக்கியப் பணிக்கு, ஆபீஸ் வேலை கெடாதவரை, நம்ம நடத்தை விதிகளில் இடம் உண்டு. கவர் வாங்கறதா இருந்தா அது வேற கதை, முன்கூட்டியே கேட்டுடுங்க. நான் கோயிலில் தேங்காயும் சால்வையும் மட்டும் வாங்கிக்கிட்டேன்.

கச்சேரி எப்படின்னு கேட்கறீங்களா? முதல் வர்ணத்தில் கை நடுங்கிச்சு. தனி ஆவர்த்தனம் அஞ்சு நிமிஷம்தான், கோர்வை சரியா வந்து விழுந்தது. ரவை மட்டும் கடைசியில் காய்ஞ்சு உதிர ஆரம்பிச்சது. மேடம் வர முடியலை. அன்னிக்கு என் பட்டியலில் இருந்த நிலுவைக் கடன்காரர்களுக்கு அவரே போன் போட்டிருக்கார். அதை நான் மறக்கலை. மறுநாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன், யாரும் சொல்லாமலே.

போன மாசம் எங்க கிளார்க் பையன் ஒருத்தன் லீவு லெட்டரோட தயங்கித் தயங்கி வந்தான். "அர்ஜென்ட் பர்சனல் வொர்க்". என்னடான்னு கேட்டா, தாதரில் ஒரு மராட்டி நாடகத்தில் முதல் வேஷமாம், போலீஸ்காரன் வேஷம், மூணே வசனம். பேனாவை எடுத்து அந்த மூணு வார்த்தையை அடிச்சுட்டு, "மூணு வசனத்தை எழுது, அப்புறம் உன் கவுண்டரை யார் பார்ப்பாங்கன்னு எழுது" என்றேன்.