உங்க திசையைக் கணிச்ச கடிகாரம் எது?

எங்க தோட்டத்து அக்கா ஒருத்திக்குப் போன வருஷம் கல்யாணம் பேசினாங்க. மாப்பிள்ளை வீடு ஹட்டன் பக்கம். ரெண்டு வீட்டுக்கும் பிடிச்சிருந்தது, பத்துப் பொருத்தத்துல ஏழு இருந்தது. கடைசியா ஜோசியர் ஒரு தாளைத் திருப்பிப் பார்த்துட்டு, "ரெண்டு பேருக்கும் திசா சந்தி வருது, வேணாம்" என்றார். அவ்வளவுதான். அந்தத் தாளில் இருந்த கணக்கை யாருமே பார்க்கல. அக்காவும் பார்க்கல, அவளுடைய அப்பாவும் பார்க்கல.

பிறகு நாங்க பார்த்தோம். எங்களில் யாரும் ஜோசியம் படித்தவர்கள் இல்லை. ஆனா இதுக்கு ஏழாம் வகுப்புப் பின்னம் தெரிஞ்சா போதும். தெரிய வந்ததை இங்கே எழுதுறோம். "நம்புறவங்க நம்பட்டும், உங்களுக்கென்ன" என்று சொல்பவர்களும் கடைசிவரை படியுங்க. நாங்க இங்கே நம்பிக்கையைப் பற்றிப் பேசல. கணக்கைப் பற்றித்தான் பேசுறோம்.

முதல்ல முறை என்னன்னு பார்ப்போம். நாம பிறக்கும்போது சந்திரன் நிற்கிற நட்சத்திரம்தான் ஜென்ம நட்சத்திரம். நட்சத்திரம் 27, திசை நடத்துகிற கிரகம் 9. ஆக ஒரு கிரகத்துக்கு மூணு நட்சத்திரம். கார்த்திகையில் தொடங்கி வரிசையா எண்ணணும்: சூரியன் 6 வருஷம், சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17, கேது 7, சுக்கிரன் 20. மொத்தம் 120. கார்த்திகைக்காரருக்குச் சூரிய திசையில் வாழ்க்கை தொடங்குது, ரோகிணிக்குச் சந்திர திசையில், பரணிக்குச் சுக்கிர திசையில். ஒன்பதுக்குப் பிறகு வரிசை மறுபடி முதலில் இருந்து வரும். அதனால உத்திரமும் உத்திராடமும் கார்த்திகை மாதிரியே சூரியனில் தொடங்கும்.

ஆனா முதல் திசை முழுசாகக் கிடைக்காது. பிறக்கும்போது சந்திரன் அந்த நட்சத்திரத்துல எவ்வளவு தூரம் கடந்து போயிருக்கோ, அந்தப் பங்கு கழிஞ்சிடும். இதைத்தான் ஜாதகத்தில் "கர்ப்பச் செல் போக இருப்பு" என்று எழுதுறாங்க. அந்த இருப்புதான் நம்ம முதல் திசையின் நீளம். அதுக்குப் பிறகு வருகிற ஒவ்வொரு திசையும் முழு அளவில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டப்படும். அதாவது உங்களுக்கு 30 வயசுல, 50 வயசுல, 70 வயசுல என்ன திசை என்பது எல்லாமே அந்த ஒரே ஒரு இருப்பில் நிற்குது. இருப்பு ஆறு மாசம் பிழைச்சா ஆயுள் முழுக்க ஆறு மாசம் பிழைக்கும். இடையில் அது தானாகச் சரியாகாது.

சரி, இருப்பு எதில் நிற்குது? பிறந்த நேரத்தில். இங்கதான் எங்க தலைமுறையின் கதை வருது.

1996இல் மழை பொய்த்தது. நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு இருட்டில் கிடந்தது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை என்று நம்ம பக்கத்து நீர்த்தேக்கங்களில் இருந்துதான் அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு போகுது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்த வருஷம் மே 25 அன்று நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினாங்க. அக்டோபர் 26 அன்று அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. மிச்ச அரை மணித்தியாலம் அப்படியே நின்றது, ஒன்பதரை வருஷம். 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடுதான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் மட்டும் பழைய நேரமே நடந்தது.

ஆக 1996 அக்டோபர் கடைசியில் இருந்து 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் மலையகத்தில் பிறந்த அத்தனை பேருடைய கிளினிக் காட்டிலும் இருக்கிற நேரம் இன்றைய கடிகாரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி ஓடிய கடிகாரத்தின் நேரம். 3 மணி என்று எழுதியிருந்தா இன்றைய கணக்கில் அது 2.30. இதைக் கழிக்காம கணித்த ஜாதகம் பிழை.

அரை மணித்தியாலம் அப்படி என்ன பெருசு? போட்டுப் பார்ப்போம். விளங்குறதுக்காக எண்களை உருட்டி எடுத்துக்கிறோம்.

2001 ஜூனில் பரணியில் ஒரு பிள்ளை பிறக்குது. அன்றைக்குப் பரணி காலை 6 மணிக்குத் தொடங்கி அடுத்த நாள் காலை 6 மணி வரை, 24 மணித்தியாலம். இது இன்றைய நேரக் கணக்கு. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் பிள்ளை பிறந்தது பிற்பகல் 3 மணி. கழிக்காமப் போட்டா பரணியில் 9 மணித்தியாலம் போயிடுச்சு, 15 மிச்சம். சுக்கிரனின் 20 வருஷத்தில் இருபத்து நாலில் பதினைந்து பங்கு: இருப்பு 12 வருஷம் 6 மாசம். சரியாகக் கழிச்சுப் போட்டா மிச்சம் 15½ மணித்தியாலம், இருப்பு 12 வருஷம் 11 மாசம். வித்தியாசம் அஞ்சு மாசம்.

இனிக் கூட்டிக்கிட்டே போங்க. சுக்கிரனுக்குப் பிறகு சூரியன் 6, சந்திரன் 10. பிழையான தாளில் சந்திர திசை 28 வருஷம் 6 மாசத்தில் முடியுது, அதாவது 2029 டிசம்பரில். சரியான கணக்கில் 28 வருஷம் 11 மாசம், 2030 மேயில். மாப்பிள்ளை 1995இல் பிறந்தவர் என்று வையுங்க. அவர் பழைய நேரத்துப் பிள்ளை, அவருடைய கணக்கில் குழப்பமில்லை. அவருக்கு ஒரு திசை 2029 செப்டெம்பரில் முடியுது. ரெண்டு பேருக்கும் ஆறு மாசத்துக்குள்ள திசை மாறினா திசா சந்தி, சேர்க்கக்கூடாது என்பது பல ஜோசியர்கள் சொல்கிற விதி. பிழையான தாளில் இடைவெளி மூணு மாசம்: சந்தி. சரியான தாளில் எட்டு மாசம்: சந்தியே இல்லை.

அக்காவின் ஜாதகத்தில் நாங்க கண்டதும் இதே மாதிரிப் பிழைதான். ஜோசியரின் சொந்த விதிப்படியே அந்தக் கல்யாணம் நின்றிருக்கத் தேவையில்லை.

சூரிய திசையில் பிறந்தவருக்கு இதே அரை மணித்தியாலம் ஒன்றரை மாசம்தான். ராகு திசையில் பிறந்தவருக்கு நாலரை மாசம். சந்திரன் நட்சத்திரம் மாறுகிற வேளையில் பிறந்த பிள்ளைக்கோ நட்சத்திரமே மாறிப்போகலாம். அப்போ பத்துப் பொருத்தமும் வேறு ஒருத்திக்குப் பார்த்த பொருத்தம்தான்.

உங்க ஜாதகத்தில் இது நடந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கம்ப்யூட்டர் தாள் என்றால் நேர வலயம் எழுதியிருக்கிற இடத்தைப் பாருங்க. இந்த இடைப்பட்ட வருஷங்களில் பிறந்தவருக்கு அங்கே +06:00 இருக்கணும். +05:30 என்று இருந்து, ஆஸ்பத்திரி நேரத்தையே அப்படியே போட்டிருந்தா பிழை. போனில் ஊரைத் தேர்ந்தெடுத்து Asia/Colombo என்று காட்டுகிற செயலி பெரும்பாலும் தானாகவே சரியாக எடுக்கும். இந்திய ஊரைப் போட்டுக் கணிச்சா எடுக்காது. கையெழுத்து ஜாதகம் என்றால் "பழைய நேரமா, புது நேரமா?" என்று வீட்டில் கேளுங்க. சில வீடுகளில் தாத்தா கடிகாரத்தைத் தள்ளவே இல்லை, பழைய நேரத்திலேயே குறிச்சு வைத்தார். அந்த நேரத்தில் மறுபடி அரை மணித்தியாலம் கழிச்சா பிழை மறுபக்கம் விழும்.

இதெல்லாம் நேரம் எழுதி வைத்தவர்களுக்கு. எங்க அம்மாமார் காலத்தில் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் நேரம் பார்த்தது? "பெரட்டுக்குத் தப்பு அடிச்ச நேரம்", "பகல் கொழுந்து நிறுத்துக்கிட்டு இருந்த நேரம்" என்றுதான் சொல்வாங்க. அதில் ஒரு மணித்தியாலம் முன்பின் ஆனா, சுக்கிர திசையில் பிறந்தவருக்குப் பத்து மாசம் முன்பின். அந்த நேரத்தில் இருந்து "12 வருஷம் 6 மாசம் 14 நாள்" என்று நாள் கணக்கு வரைக்கும் எழுதித் தருவதை நாங்க துல்லியம் என்று சொல்லமாட்டோம். அது எண்ணில் செய்த அலங்காரம். போதாததுக்கு வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் நட்சத்திரம் முடிகிற நேரத்தில் ஒத்துப்போவதில்லை. ஒரே பிள்ளைக்கு ரெண்டு இருப்பு வரும்.

சரி, நேரம் துல்லியமாகவே இருக்கட்டும். அப்பவும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. ஏ.எல். எழுதுகிற பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போனா, "ராகு திசை நடக்குது, படிப்பு ஏறாது, வேலைக்கு அனுப்புங்க" என்று சொல்றாங்க. கொழும்புக் கடைகளுக்குப் போன எங்க நண்பர்களில் சிலர் இந்த வாக்கியத்தைக் கேட்டுட்டுத்தான் போனாங்க.

ரோகிணி, அத்தம், திருவோணம் மூணையும் எடுங்க. சந்திர இருப்பு அதிகபட்சம் 10, பிறகு செவ்வாய் 7. எந்த நேரத்தில் பிறந்தாலும் 17 வயசுக்குள்ள ராகு தொடங்கிடும், 25க்கு முன்ன முடியாது. அதாவது இந்த மூணு நட்சத்திரக்காரர் அத்தனை பேரும் 19 வயசில் ராகு திசையில்தான் இருப்பாங்க. விதிவிலக்கே கிடையாது. மிருகசீரிடம், சித்திரை, அவிட்டத்தில் பெரும்பாலானவர்களும், சூரிய நட்சத்திரங்களில் மூணில் ஒரு பங்கும் இதில் சேரும். கூட்டிப் பார்த்தா அந்த வயசில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருத்தருக்கு ராகு திசை. நுவரெலியாவில் மட்டுமில்லை, கொழும்பில் டியூஷன் போகிற பிள்ளைக்கும் அதே கணக்குதான். அங்கே அந்த நாலில் ஒருத்தர் பரீட்சை எழுதிக் கம்பஸ் போறாங்க. ராகு அவங்களைத் தடுக்கல. நம்ம பிள்ளையைத் தடுத்தது கணித பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடமும் வீட்டில் இல்லாத காசும்தான்.

மறுபக்கமும் பாருங்க. "சுக்கிர திசை வரட்டும், எல்லாம் மாறும்" என்று காத்திருக்கிற கார்த்திகைக்காரர் எத்தனை பேர்? சூரியனில் தொடங்குகிறவருக்குச் சுக்கிரன் வரிசையில் கடைசி. இடையில் 94 வருஷம் இருக்கு. அதுக்கு முன்னால அவருக்கு அது வரவே வராது. யாராவது அதைச் சொன்னாங்களா?

ஜோசியர் வீட்டுக்குப் போகாதீங்க என்று நாங்க சொல்லல. போனா மூணு கேள்வி கேளுங்க: எந்தக் கடிகாரத்தின் நேரம், எந்தப் பஞ்சாங்கம், இருப்பு எப்படி வந்தது? பதில் சொல்பவர் தாளைத் திருப்பி உங்க பக்கம் வைப்பார். "அதெல்லாம் உங்களுக்கு விளங்காது" என்பவரிடம் ஒரு கல்யாணத்தையோ ஒரு பிள்ளையின் படிப்பையோ கொடுத்துட்டு வராதீங்க.

அக்காவுக்கு இப்போ வேறு இடத்தில் பேசுறாங்க. இந்தத் தடவை ஜாதகத்தை அவளே எடுத்துக்கிட்டுப் போறா. ஓரத்தில் பென்சிலால் +06:00 என்று எழுதியிருக்கிறா.