காசு இருந்தும் கார்டு ஓடலைன்னா

கணக்குல பணம் இருக்கும், கார்டு ஓடாது. கடைக்காரர் நாலு பேர் முன்னாடி "பணம் இல்லைங்க"ன்னு சொல்லிடுவார். பல நேரம் அது தப்பு.

கார்டைச் சொருகி பின் நம்பர் போட்டதும் கேள்வி நம்ம பேங்குக்குப் போகுது. பேங்க் இருப்பை மட்டும் பாக்கறதில்லை. பின் நம்பர் சரியா, இன்னிக்கு வரம்பு தாண்டுதான்னும் பாக்கும். ஒண்ணு இடிச்சாலும் மறுத்துடும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மோட்டார் வாங்கப் போனார். விலை 38,000 ரூபாய், கணக்குல 62,000. ரெண்டு தடவை போட்டும் ஓடலை. மறுத்த சீட்டுல 61ன்னு ஒரு நம்பர் இருந்துச்சு. வரம்பு தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அவர் கார்டுல கடைச் செலவுக்கு ஒரு நாளைக்கு 25,000தான் வச்சிருந்தாங்க. பேங்க் ஆப்புல அதை 40,000 ஆக்கினார், உடனே ஓடிடுச்சு.

பணம் பத்தலைன்னா வர்றது 51. பின் நம்பர் தப்புன்னா 55. பேங்க் பக்கம் பதில் வரலைன்னா 91. அதனால சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க. காரணம் தெரியாம தப்பான பின் நம்பரையே திரும்பத் திரும்பப் போட்டா, கார்டே முடங்கிடும்.

வரம்பு வேண்டாம்னு நான் சொல்லலை. கார்டு களவு போனா அதுதான் நம்ம பணத்தைக் காப்பாத்தும். ஆனா கார்டைக் கையில கொடுக்கறப்பவே, "உங்க வரம்பு இவ்வளவு, இப்படி மாத்தலாம்"னு தமிழ்ல ஒரு தாள் தரணும். அதைத் தராத பேங்கைத்தான் குறை சொல்லணும், விவசாயியை இல்ல.