அக்கரை ரூபாய்க்கு விலைப்பலகை எங்கே?

ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 1 அன்று அறிவித்த மாற்றங்களில் இரண்டு நம் வாசகர்களின் மேசைக்கு நேராக வருகின்றன. பூடான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளில் இருப்பவர்களுக்கு, எல்லை தாண்டிய வணிகத்துக்காக நம் வங்கிகள் இந்திய ரூபாயிலேயே கடன் தரலாம். நம்மோடு அதிகம் வணிகம் செய்யும் நாடுகளின் நாணயங்களுக்கு வெளிப்படையான குறிப்பு விகிதங்கள் உருவாக்கப்படும் என்றும் அறிவித்தது. முதல் மாற்றத்தை வரவேற்கிறோம். இரண்டாவதில் இலங்கை ரூபாயும் இடம்பெற வேண்டும் என்பது இந்த இதழின் நிலை.

மூன்று நாடுகளையும் ஒரே வரியில் எழுதியதில் ஒரு வேறுபாடு மறைந்துபோகிறது. பூடானின் நுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சமம். நேபாள ரூபாய் 1993 முதல் 1.60 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. அங்கே கடன் வாங்குபவருக்கு விகித அபாயம் அநேகமாக இல்லை. மிதக்கும் நாணயம் இலங்கையுடையது மட்டுமே. ஆகவே இந்த அறிவிப்பு உண்மையில் திறந்துவிடுவது ஒரே ஒரு எக்ஸாடிக் ஜோடியை.

இன்வாய்ஸில் டாலர் போய்விடும். டீலிங் ரூமில் போகாது. கொழும்பு இறக்குமதியாளர் ரூபாய்க் கடனை அடைக்கும் நாளில் அவருடைய வங்கி இலங்கை ரூபாயை விற்று டாலர் வாங்கி, அந்த டாலரை விற்றுத்தான் பெரும்பாலும் நம் ரூபாயைப் பெறும். கணக்குக்காக டாலர்–இந்திய ரூபாய் 88.70/88.72 என்றும், டாலர்–இலங்கை ரூபாய் 302.00/303.00 என்றும் வைத்துக்கொள்வோம். கிராஸ் போட்டால் ஒரு இந்திய ரூபாய்க்கு பிட் 3.4040, ஆஸ்க் 3.4160. இடைவெளி ஏறத்தாழ 0.35 சதவீதம். இதில் நம் ரூபாயின் பங்கு 0.02 மட்டுமே, மற்றதெல்லாம் அக்கரைக் காலில் இருக்கிறது. யூரோ–யென் போன்ற மைனர் ஜோடியும் டாலர் இல்லாத கிராஸ்தான். ஆனால் அதன் இரண்டு கால்களிலும் நாள் முழுக்க ஆள் நிற்பதால் இடைவெளி சுருங்கிவிடுகிறது.

இலங்கைக் காலில் ஏன் ஆள் இல்லை? வணிகம் ஒருவழிப் பாதை. நாம் அங்கே அனுப்புவது அங்கிருந்து வாங்குவதைவிடப் பல மடங்கு. எனவே இந்திய ரூபாய் கேட்டு வருபவர்கள் வரிசையில் நிற்க, இலங்கை ரூபாய் கேட்டு எதிர்ப்பக்கத்தில் வருபவர் அரிது. வாங்கிய சரக்கை உடனே கைமாற்ற முடியாத டீலர், அதை இரவு முழுக்கத் தாங்குவதற்கான கூலியை ஸ்ப்ரெட்டில் ஏற்றுகிறார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

விலைத் துள்ளலுக்கும் வேர் இதுவே, அதோடு இலங்கை மத்திய வங்கியின் கையும் சேர்கிறது. 2021 இறுதியில் டாலர் 200–203 இலங்கை ரூபாய்க்குள் அசையாமல் நின்றது. சார்ட்டைப் பார்த்தால் மேஜர் ஜோடியைவிடச் சாது. ஆனால் அந்த விலையில் டாலர் கிடைக்கவில்லை. உண்மை ஸ்ப்ரெட் உண்டியல்காரரிடம் இருந்தது. 2022 மார்ச் 7-ல் பிடி தளர்ந்தது. மே நடுவில் டாலர் 360-ஐத் தாண்டியது. நம் ஒரு ரூபாய் ஏறத்தாழ 2.7-லிருந்து 4.7 இலங்கை ரூபாய்க்குப் போனது. முந்தைய தொண்ணூறு நாள் அசைவை வைத்து மார்ஜின் போட்டவர்களின் கணக்கு எல்லாம் பொய்த்தது. எக்ஸாடிக் ஜோடியில் சார்ட்டின் அமைதியை நம்பாதீர்கள். அறிவித்த விலையில் எவ்வளவு தொகைக்கு டீல் முடிகிறது என்று கேளுங்கள்.

இனி நம் பழைய குறை. கோடியக்கரைக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் பல மடங்கு பக்கம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். அக்கரை நாணயத்தின் விலையை மட்டும் ஊருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இந்த வட்டாரத்து மணி சேஞ்சர் ஒருவரின் பலகையில் டாலர், யூரோ, பவுண்டு, சிங்கப்பூர் டாலர் என்று வாங்கும் விலையும் விற்கும் விலையும் வரிசையாக இருக்கின்றன. இலங்கை ரூபாய்க்கு எதிரே இரண்டு கட்டமும் காலி. வருபவரின் முகத்தைப் பார்த்து விலை பிறக்கிறது. டாலர், யூரோ, பவுண்டு, யென்னுக்கு நாள்தோறும் குறிப்பு விகிதம் வெளியிட்டுப் பழகிய அமைப்புக்கு, ஏற்கெனவே இருக்கும் இரண்டு விகிதங்களை வகுத்து மூன்றாவது ஒன்றைப் போட இத்தனை ஆண்டு என்ன தடை? சில்லறை வாடிக்கையாளருக்கென்று 2019-ல் எஃப்.எக்ஸ்-ரீடெயில் தளத்தைத் தொடங்கியபோதும் டாலர்–ரூபாய்தான் கண்ணில் பட்டது. மும்பையிலிருந்து பார்த்தால் பாக் நீரிணை மிகச் சிறியதாகத் தெரியும்போல.

குறிப்பு விகிதம் வந்தால் ஸ்ப்ரெட் சுருங்கிவிடாது. எதிர்ப்பக்க ஆள் வராதவரை 0.35 அப்படியே இருக்கும். நோட்டாக வைத்து விற்பவருக்குக் கூடுதல் செலவும் உண்டு. ஆனால் சந்தையின் இடைவெளி எவ்வளவு, கவுன்டரின் லாபம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வாடிக்கையாளருக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

ரிசர்வ் வங்கி பட்டியலை விரிவாக்கும்வரை நம் ஏ.டி. கிளைகளும் மணி சேஞ்சர்களும் காத்திருக்கத் தேவையில்லை. இலங்கை ரூபாய் டீலுக்கு ரசீது எழுதும்போது டாலர்–இந்திய ரூபாய் விலை, டாலர்–இலங்கை ரூபாய் விலை, உங்கள் மார்ஜின் ஆகிய மூன்றையும் தனித்தனி வரியில் எழுதிக்கொடுங்கள்.