90 பாகை போதாது

செய்முறைத் தேர்வில் ஊசியை 90 பாகையில் குத்தினால் மதிப்பெண் தந்துவிடுகிறோம். முனை எந்தத் திசுவில் நின்றது என்று எவரும் கேட்பதில்லை.

வெறிநாய்க்கடி ஆய்வுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையம் இதே பெங்களூரில், நிம்ஹான்சில் இருக்கிறது. அந்நோய்த் தடுப்பூசியைத் தசையில் போடுவதானால் பெரியவர்களுக்கு மேற்கை, சிறு குழந்தைகளுக்குத் தொடையின் முன்வெளிப்புறம். பிட்டம் கூடவே கூடாது என்பது விதி. பிட்டத்தின் தடித்த கொழுப்பிலேயே மருந்து தங்கிவிட்டால் எதிர்ப்பாற்றல் குன்றும். போட்டவர் கண்ணுக்கோ எந்தப் பிழையும் தென்படாது.

கையிலும் இதே கணக்குதான். தோலும் கொழுப்புமாக 20 மி.மீ. இருந்தால், 25 மி.மீ. ஊசி தசைக்குள் 5 மி.மீ. மட்டுமே நுழையும். மாணவர் தோலைக் கிள்ளித் தூக்கினால் அதுவும் நுழையாது. அத்தகையவருக்கு 38 மி.மீ. ஊசியே வேண்டும்.

கிள்ளுதல் தோலடி ஊசிக்கு உரியது. கொழுப்பைத் தசையிலிருந்து விலக்கவே அது. தசையூசிக்குத் தோலை விரித்துப் பிடிக்க வேண்டும். மிக மெலிந்தவருக்கு மட்டும் தசையையும் சேர்த்துத் திரட்டலாம்.

ஆகவே தேர்வாளர்களே, கோணத்தை அளப்பதற்கு முன் கேளுங்கள்: இந்த உடலுக்கு இந்த நீளத்தை ஏன் எடுத்தாய்? விடை சொல்லாத மாணவருக்கு மதிப்பெண் தருவது, கொழுப்பில் போட்ட ஊசிக்குச் சான்றிதழ் தருவதே.