அரை சதவீதம்தானே... வீட்டுக்கடனில் 4.7 லட்சம் எப்படி கூடுகிறது?

2022 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4.40-ல் இருந்து 4.90 சதவீதமாக உயர்த்தியது. ரெப்போவோடு இணைந்த வீட்டுக்கடன்களின் வட்டியும் அரை சதவீதம் ஏறியது. ஆனா, பலருக்கு இஎம்ஐ மாறவே இல்லை. சிக்கல் அங்கேதான்!

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் வீடு கட்ட ஒருவர் 20 லட்சம் ரூபாயை 20 வருஷக் கடனாக வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். வட்டி 8.5 சதவீதம் என்றால் இஎம்ஐ 17,356 ரூபாய். மொத்த வட்டி சுமார் 21.66 லட்சம். தொடக்கத்திலேயே வட்டி 9 சதவீதமானால், இஎம்ஐ 638 ரூபாய் கூடும். 20 வருஷத்தில் கூடுதல் வட்டி 1.53 லட்சம்.

இஎம்ஐயைத் தொடாமல் வங்கி காலத்தை நீட்டினால்? 240 தவணை 268 ஆகும். கூடுதல் வட்டி சுமார் 4.7 லட்சம், அதாவது மூன்று மடங்கு! காரணம், முதல் மாத 17,356-ல் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது வெறும் 2,356. பழைய வட்டியில் அது சுமார் 3,190.

கடன் முடியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு இந்த அடி ரொம்பவே குறைவு. மத்தவங்க கடன் ஸ்டேட்மென்ட்டில் மீதமுள்ள தவணை எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்ற தேர்வை வாடிக்கையாளருக்கு வங்கி தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது.