‘உங்க ஊர் எது?’ன்னு கேட்டா கட்டுரை ஒப்பிக்காதீங்க!

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் “எந்த ஊரு?” என்று கேட்டால் யாரும் தடுமாறுவதில்லை. அதே கேள்வி ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வு அறையில் ஆங்கிலத்தில் வந்தால் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இந்தத் தேர்வை எழுதி பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய நினைப்பவர்கள் பேச்சுப் பகுதியில் 7 எடுத்தாக வேண்டும். 6.5 போதாது.

பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். அதில் முதல் 4, 5 நிமிடங்கள்தான் ஊர், வீடு, வேலை, அன்றாடப் பழக்கம் பற்றிய கேள்விகள். எளிதாகத் தொடங்கி பதற்றத்தைக் குறைப்பதற்காக வைத்த பகுதி இது. ஆனால், ‘இதைத்தான் கேட்பார்கள்’ என்று முன்கூட்டியே தெரிவதால் எல்லோரும் பதிலை எழுதி மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தென்காசியைச் சேர்ந்த ஒரு நர்ஸ் தேர்வுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். “ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும், “ஐ ஹெயில் ஃப்ரம் தென்காசி, விச் இஸ் எ பியூட்டிஃபுல் டவுன்...” என்று தொடங்கி, குற்றாலம், கோயில், விவசாயம் எனப் பத்து வரியை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார். தேர்வாளர் பாதியில் நிறுத்தி, “சின்ன வயதில் பார்த்ததற்கும் இப்போதைக்கும் ஊர் மாறியிருக்கிறதா?” என்கிறார். இது மனப்பாடத்தில் இல்லை! கடகடவென்று ஓடிய ஆங்கிலம் சட்டென நின்று, “ஆ... யெஸ்... சேஞ்ச்டு...” என்று இழுக்கிறது. இரண்டு பதிலுக்கும் இடையே இருக்கும் இந்த வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும். ஒப்பித்ததை வைத்து ஒருவருடைய ஆங்கிலத்தை அளக்க முடியாது என்பதால்தான் தேர்வாளர் கேள்வியை மாற்றுகிறார். அவர் கோபப்பட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

அதே நர்ஸ் இப்படிச் சொல்லியிருக்கலாம்: “தென்காசி. இட்ஸ் எ டவுன் நியர் தி கேரளா பார்டர். இன் ஜூன் அண்ட் ஜூலை இட் டிரிஸில்ஸ் ஆல் டே, ஸோ அவர் க்ளோத்ஸ் நெவர் டிரை.” அவ்வளவுதான், மூன்றே வாக்கியம். கேட்டதற்கு நேரான பதில் ஒன்று, கூடவே தன் வீட்டில் நடக்கும் ஒரு சின்ன விஷயம். சாரல் சீசனில் துணி காயாது என்பதை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அது தெரிந்த விஷயம் என்பதால் அடுத்த கேள்வி எப்படித் திரும்பினாலும் பேச்சு நிற்காது. அதற்காக “தென்காசி” என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினாலும் கஷ்டம். மதிப்பிடுவதற்கு அங்கே எதுவுமே இருக்காது.

குடும்பம் பற்றிய கேள்வியில் நம்மூர் ஆங்கிலம் எட்டிப்பார்க்கும். ‘கசின் பிரதர்’ வேண்டாம், ‘கசின்’ போதும். ஓரகத்தியை ‘கோ-சிஸ்டர்’ என்றால் வெளியூர் தேர்வாளருக்குப் புரியாமல் போகலாம். ‘மை ஹஸ்பண்ட்’ஸ் பிரதர்’ஸ் வைஃப்’ என்றால் வேலை முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரையும் வரிசையாக அறிமுகப்படுத்துவதைவிட, பாட்டி ஒருவரைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசுவது நன்றாக இருக்கும்.

அன்றாட வேலைகளைச் சொல்லும்போது வரும் தவறுக்கு, பாவம், நம் தமிழே காரணம். ‘சமைக்கிறேன்’ என்பது தினமும் செய்வதற்கும் பொருந்தும், இந்த நொடியில் செய்வதற்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. அதனால்தான் “டெய்லி ஐ ஆம் குக்கிங்” என்று வந்துவிடுகிறது. தினப் பழக்கத்துக்கு “ஐ யூஷுவலி குக்” என்பதே சரி. இன்னொன்று, ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் ‘ஐந்து மணிக்கு எழுந்து யோகா செய்வேன்’ என்று அழகான பொய் சொல்ல வேண்டியதில்லை. “இட் டிபெண்ட்ஸ் ஆன் மை ஷிஃப்ட்” என்று ஆரம்பித்து, நைட் டியூட்டி முடிந்த நாள் எப்படிப் போகும் என்று உள்ளதைச் சொன்னால் வார்த்தை தானாக வரும். யோகாவுக்குத் தனி மார்க் கிடையாது. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கைத்தான் பார்க்கிறார்கள்.

வீட்டில் பழக ஒரு வழி இருக்கிறது. பத்து கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். தம்பியோ மகளோ ஒன்றை எடுத்துக் கேட்கட்டும். நீங்கள் பதில் சொன்னதும் “ஏன்?” என்று இன்னொரு கேள்வியும் அவர்கள் போட வேண்டும். செல்போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். முதல் பதில் வேகமாக ஓடி, “ஏன்?” வந்ததும் நின்றுபோனால், அந்தப் பதில் இன்னும் மனப்பாடத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, அதே கேள்விக்கு மறுநாள் வேறு விஷயத்தைச் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி காதில் விழவில்லையா? “ஸாரி, குட் யூ ரிபீட் தட்?” என்று கேட்கலாம், தப்பில்லை. புரியாத கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொல்லி வைப்பதுதான் ஆபத்து.