ஓய்வு நாளையும் அட்டவணையில் எழுதுங்கள்

மாவட்டத் தடகளப் போட்டிகள் நெருங்கும் வாரங்களில், எங்கள் புறநோயாளர் பிரிவுக்குக் கால் வலியோடு வரும் மாணவ மாணவியர் கூடிவிடுகின்றனர். அண்மையில் ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். பதினொன்றாம் வகுப்பு மாணவி. குறுவட்டப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வென்றவர். மாவட்டப் போட்டிக்கு 19 நாள்களே இருந்தன. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளோம்.)

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்புறத்தில் வலி. முதலில் ஓடும்போது மட்டும் இருந்தது, பின்னர் நடக்கும்போதும் வந்தது. எலும்பின் நெடுகிலும் பரவலாக வலித்திருந்தால் நாங்கள் அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் ஒரு விரலால் அழுத்திய ஒரே இடத்தில் அவர் துள்ளிவிட்டார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தொடக்க வாரங்களில் பெரும்பாலும் தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்புக்குள் வீக்கம் இருந்தது. விரிசலுக்கு முந்தைய நிலை அது.

பின்னர் அவருடைய ஒரு நாளைக் கேட்டறிந்தோம். காலை 4.45க்கு எழுகிறார். 5.30 முதல் திடலில் பயிற்சி, பிறகு பள்ளி, மாலையில் மீண்டும் பயிற்சி, 9 மணி வரை டியூஷன், வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கும்போது 11.15. உறக்கம் ஐந்தரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வா என்று கேட்டோம். "அன்றைக்குத்தான் டாக்டர், சிறப்புப் பயிற்சி" என்றார் தாய்.

எலும்பு கல்லைப் போன்றதன்று. பயிற்சியால் அதில் நுண்ணிய சேதங்கள் உண்டாகின்றன. உடல் முதலில் சேதமுற்ற பகுதியை அரித்து நீக்குகிறது. இதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது. அந்தப் பள்ளத்தில் புது எலும்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. ஆகவே பயிற்சியைத் திடீரெனக் கூட்டிய சில வாரங்களில் எலும்பு முன்பைவிட வலுக்குறைந்து நிற்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென வலி வருவது இதனால்தான். ஓய்வு நாள் இல்லையென்றால் நிரப்பும் வேலை ஒருபோதும் அரிப்பை எட்டிப்பிடிக்காது. திசுக்களைச் சீர்செய்ய உதவும் வளர்ச்சி ஹார்மோனும் இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்திலேயே மிகுதியாகச் சுரக்கிறது.

பதின்பருவத்தினர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 8 மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கிய பள்ளி விளையாட்டு வீரர்கள் காயமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்காக இருந்தது. உறக்கக் குறைவு ஒன்றே காரணம் என்று அதைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. எனினும் நாங்கள் அன்றாடம் காண்பதோடு அது ஒத்துப்போகிறது.

"சீக்கிரம் படு" என்று பெற்றோர் கடிந்துகொள்வது பயன் தருவதில்லை. இந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னோக்கி நகர்ந்துவிடுகிறது. 9 மணிக்குப் படுத்தாலும் பலருக்கு உறக்கம் வராது. எனவே மாற வேண்டியது காலைப் பயிற்சி என்பதே எங்கள் கருத்து. வாரத்தில் இரண்டு காலைகளைக் குறைத்து, ஞாயிறு முழுவதையும் விட்டுவிட்டால், மாலைப் பயிற்சியே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். பயிற்சியாளர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. போட்டிக்கு முந்தைய வாரம் ஓடும் தூரத்தைப் பாதியாக்கி, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்திருக்கும் முறை அவர்களும் அறிந்ததே. ஆயினும் அந்த வாரத்தில்தான் பல திடல்களில் பயிற்சி இரட்டிப்பாகிறது.

உடல் மீளவில்லை என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். காலையில் எழுந்து உட்காரும் முன் ஒரு நிமிட நாடித் துடிப்பை எண்ணிக் குறித்து வாருங்கள். காய்ச்சல் இல்லாமலேயே அது வழக்கத்தைவிட 7, 8 துடிப்புகள் கூடி மூன்று நாள் நீடித்தால், அன்று பயிற்சியைக் குறையுங்கள். அதே உழைப்பில் ஓட்ட நேரம் மந்தமாவதும் காரணமற்ற எரிச்சலும் இதே செய்தியைச் சொல்பவை. நொண்டி நடந்தாலோ, இரவில் வலித்தாலோ, மாணவியர்க்கு மாதவிடாய் தொடர்ந்து தவறினாலோ மருத்துவரிடம் வாருங்கள். மாதவிடாய் தவறுவது உணவு போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதுவும் எலும்பை நலிவிக்கும். போட்டிக்கு முந்தைய ஓர் இரவு மட்டும் பதற்றத்தால் உறக்கம் கெட்டால் அஞ்ச வேண்டாம். அதற்கு முந்தைய வாரத்தின் உறக்கமே கணக்கு.

அம்மாணவிக்கு ஆறு வாரம் ஓடக்கூடாது என்று சொல்ல நேர்ந்தது. மாவட்டப் போட்டி கைநழுவியது. அவர் அழுதார், தாய் எங்களிடம் சற்றுக் கோபமாகவே பேசினார். வலி நின்ற பின் மிதிவண்டியில் தொடங்கி, ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று திடலுக்குத் திரும்பினார். இப்போது வாரத்தில் மூன்று காலைகள் 6.30 வரை உறங்குகிறார். டியூஷனில் ஒரு பாடத்தை வார இறுதிக்கு மாற்றிக்கொண்டுள்ளனர்.